ஒட்டுத் தெரியாத முப்பத்தெட்டு வினாடி

மூலக்குளத்தில் ஒரு வீட்டின் மாடியில்தான் எங்கள் அலுவலகம். போனில் விளையாடும் சின்னச் சின்ன விளையாட்டுகள் செய்வோம். மீன் பிடிப்பது, படகு ஓட்டுவது, சந்தையில் கடை போடுவது மாதிரி. முதலாளியைச் சேர்க்காமல் ஆறு பேர். அதில் நான் ஒருத்திதான் பெண். இசை போடுவது பாயின் வேலை. அவர் போட்ட இசையை வெட்டி விளையாட்டுக்குள் பொருத்துவது என் வேலை. பாய் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். முத்தியால்பேட்டைக்காரர். இருபது வருஷம் கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்துவிட்டு எங்களிடம் வந்தவர். நான் சேர்ந்த அன்றைக்கு, "கம்ப்யூட்டர் வேல உனக்குத் தெரியும், காது வேல எனக்குத் தெரியும். அடிச்சிக்காம பாத்துக்கலாம்மா" என்றார். ஒன்பது வருஷம் அடித்துக்கொள்ளாமல்தான் இருந்தோம்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த காரியம் புரியாது.

ஒரு விளையாட்டை ஒருவர் இரண்டு நிமிஷமும் விளையாடுவார், நாற்பது நிமிஷமும் விளையாடுவார். நாற்பது நிமிஷ இசையைப் போனில் ஏற்ற முடியாது. அதனால் மூன்று நிமிஷ இசையிலிருந்து அரை நிமிஷமோ முக்கால் நிமிஷமோ உள்ள ஒரு துண்டைத் தேர்ந்தெடுப்போம். அது முடிந்ததும் மறுபடி தொடக்கத்துக்கே போய்விடும். இப்படிச் சுற்றிச் சுற்றி வரும் துண்டுக்கு லூப் என்று பெயர். கேட்கிறவருக்கு அது எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்று தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் அப்புறம் அது மட்டும்தான் காதில் விழும்.

எந்தத் துண்டை எடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தாளத்தில் முழுச் சுற்றுகளாக எண்ணி எடுக்க வேண்டும். கடைசியில் வரும் ஸ்வரக் கூட்டு முதல் ஸ்வரக் கூட்டுக்கு இயல்பாகக் கொண்டுபோய் விட வேண்டும். தொடக்கத்தில் இருக்கும் சத்தத்தின் அளவும் முடிவில் இருக்கும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். வெட்டும் இடத்தில் ஒலியின் அலை மேலேயோ கீழேயோ இருந்தால் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அதனால் அலை நடுக்கோட்டைத் தொடும் இடமாகப் பார்த்து வெட்ட வேண்டும். இதெல்லாம் திரையைப் பார்த்தே செய்துவிடலாம். பாய் சொல்லிக் கொடுத்தது வேறு. துண்டை இரண்டு தடவை அடுத்தடுத்து ஓடவிட்டுப் பதிவுசெய்து, இரண்டாவது தடவையை மட்டும் எடுக்கச் சொல்வார். முதல் சுற்றின் கடைசி மணிச்சத்தம் அடங்குவதற்குள் இரண்டாவது சுற்று தொடங்கிவிடும் இல்லையா? அடங்கிக்கொண்டிருக்கும் அந்த மிச்சமும் இரண்டாவது சுற்றின் தலையிலேயே பதிவாகியிருக்கும். அதை எடுத்தால் ஒட்டு தெரியாது.

கடைசியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருவோம். லூப் ஓடிக்கொண்டே இருக்கும். அவர் கண்ணை மூடிக்கொள்வார். ஒட்டு தெரிந்தால் ஒரு விரலைத் தூக்குவார். எனக்குக் கேட்காததெல்லாம் அவருக்குக் கேட்கும்.

பாயிடம் ஏதோ மாறுகிறது என்பதை முதலில் நான் பார்த்தது கண்ணால்தான். ஒலியைத் திரையில் பார்த்தால் இடது காதுக்கு ஒரு அலை மேலே, வலது காதுக்கு ஒரு அலை கீழே என்று இரண்டு வரிசையாகத் தெரியும். பாயின் இசையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். ஒரு மாதம் வந்த இசையில் கீழ் வரிசை கொஞ்சம் பருமனாக இருந்தது. ஏதோ கைதவறி என்று நினைத்துச் சமப்படுத்திவிட்டேன். அடுத்த மாதம் வந்ததும் அப்படியே. அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். கேட்டால் இசை வலது பக்கமாகச் சாய்ந்து வந்தது. வலது பக்கச் சலங்கை காதைக் குத்தியது. ஒவ்வொரு தடவையும் வலதைக் குறைத்துவிட்டு, பழைய கோப்பைத் தனியாக வைத்துக்கொண்டு, சரிசெய்ததை அனுப்பினேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அப்புறம் அந்த மத்தியானம். மீன் சந்தைக் கட்டத்துக்கு லூப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அவசரத்தில் வெட்டியிருந்தேன். வலது பக்கத்தில் மட்டும் ஒரு சலங்கைச் சத்தம் பாதியில் அறுந்து, ஒவ்வொரு சுற்றிலும் 'டிக்' என்றது. எனக்கே பளிச்சென்று கேட்டது. பாய் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மூன்று சுற்று போயிற்று. விரல் எழும்பவில்லை.

"சுத்தமா இருக்கும்மா. அனுப்பிடு."

விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னொரு வாட்டி கேளுங்க பாய். இந்த ஹெட்போன்ல கேளுங்க" என்று என்னுடையதைக் கழற்றிக் கொடுத்தேன். கொடுக்கும்போது வேண்டுமென்றே வலது இடது மாற்றிப் பிடித்துக் கொடுத்தேன். அவர் கவனிக்காமல் மாட்டிக்கொண்டார். முதல் சுற்று முடிந்து திரும்பிய இடத்திலேயே விரல் எழுந்தது.

"அட, இங்க டிக்குன்னு அடிக்குதே. என் ஹெட்போன் போச்சு போல."

"ஆமா பாய். பழசாயிடுச்சு" என்றேன்.

அவருடைய ஹெட்போன் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் அலுவலகத்தில் அவருக்குப் புதிது வாங்கிக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு, "இப்பதான்மா தெளிவா இருக்கு" என்று சொன்னார். நான் குனிந்து என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று என்னையே எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தச் சமயத்தில் முதலாளி, ஆயத்த இசையாகவே வாங்கிக்கொள்ளலாமே, தனியாக ஓர் ஆள் எதற்கு என்று பேசத் தொடங்கியிருந்தார். பாயின் காது சரியில்லை என்று தெரிந்தால் அதுவே போதும். இது ஒரு காரணம். இன்னொன்று, அவர் மனசு. காதை நம்பி வாழ்ந்த மனுஷனிடம், 'உங்களுக்குக் கேக்கல' என்று எந்த வாயால் சொல்வது? ஐம்பது வயதுக்கு மேல் காது கொஞ்சம் மந்தமாவது இயல்புதானே என்றும் நினைத்தேன். ஒரு காது மட்டும் தனியாக மந்தமாவது இயல்பில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. சரிசெய்து சரிசெய்து அனுப்பிக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அவருக்கே தெரியாமல் அவரைக் காப்பாற்றுகிறேன் என்று.

இடையில் எத்தனையோ தெரிந்தது. போனை இடது காதுக்கு மாற்றிக்கொண்டார். டீ குடிக்கப் போகும்போது யார் எந்தப் பக்கம் வந்தாலும் நகர்ந்து எல்லோருக்கும் வலப்பக்கமாக வந்துவிடுவார். ஒரு நாள் படியிறங்கும்போது தடுமாறிச் சுவரைப் பிடித்தார். "பித்தம்" என்றார். "காதுக்குள்ள ஃபேன் ஓடுறாப்புல ஒரே சத்தம்மா. வெயிலு" என்று ஒரு நாள் சொன்னார். "டாக்டர பாருங்களேன் பாய்" என்றேன். "பாக்கலாம் பாக்கலாம்" என்றார். நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

போன வருஷம் எங்கள் அக்கா வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கு விழுப்புரம் போயிருந்தேன். நான்கு நாள் லீவு. அந்த நேரம் பார்த்து வாடிக்கையாளர் ஒருவர் படகு விளையாட்டுக்கான இசையை அவசரமாகக் கேட்டிருக்கிறார். பாய் தானே வெட்டி, தானே லூப் செய்து, நேராக அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை நான் படியேறும்போதே மேலே அந்த இசை ஓடிக்கொண்டிருந்தது.

முதலாளி பெரிய ஸ்பீக்கரில் போட்டுவிட்டிருந்தார். எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிவிட்டார் என்று புரிந்தது. இசை முழுவதும் வலது பக்கம் சாய்ந்து கிடந்தது. ஒவ்வொரு சுற்று முடிவிலும் வலது ஸ்பீக்கர் பட்டென்று வெடித்தது.

"கேக்குதா பாய்?" என்றார் முதலாளி. கோபமாகக் கேட்கவில்லை. அவர் குரலில் குழப்பம்தான் இருந்தது.

"எங்க?"

"இதோ... இப்ப."

பாய் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அடுத்த சுற்று வந்தது. அந்த வெடிப்பில் படம் வரையும் தம்பி லேசாக முகத்தைச் சுளித்தான். பாய் அதைப் பார்த்துவிட்டார். அவருக்கு அது கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துத்தான் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துகொண்டார். எழுந்து வலது ஸ்பீக்கர் அருகில் போய்க் கையை அதன் மேல் வைத்தார். ஒரு சுற்று முழுக்க அப்படியே நின்றார். பிறகு கையை எடுத்துவிட்டு, "ஆமா" என்றார்.

நான் வாசலில் பையோடு நின்றேன். என்னைப் பார்த்து, "வந்துட்டியாம்மா? ஃபங்ஷன் நல்லா நடந்துச்சா?" என்று கேட்டார்.

அந்த வாரமே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனார். அவர் மனைவியும் நானும் கூடப் போனோம். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர்தான் என்னை வரச் சொன்னார். "டாக்டர் இங்கிலீஷ்ல சொல்றதெல்லாம் எனக்குப் புரியாது, நீ வாம்மா" என்றார். கண்ணாடி அறையில் உட்காரவைத்து இரண்டு காதையும் சோதித்தார்கள். வெளியே வந்த தாளில் இடது காதின் கோடு மேலேயே நேராகப் போனது. வலது காதின் கோடு பாதியிலிருந்து கீழே சரிந்து விழுந்திருந்தது.

"இது எப்பலேர்ந்து?" என்று டாக்டர் கேட்டார்.

"ரெண்டு மாசமா இருக்கும் சார். இந்தச் சத்தம் கேக்க ஆரம்பிச்ச பெறவு" என்றார் பாய்.

டாக்டர் அதை எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தார். எழுதவிட்டிருக்கலாம். ஆனால் நோயைப் பற்றிக் கேட்கிற இடத்தில் பொய்யைப் பதிவாகவிட எனக்கு மனம் வரவில்லை.

"ஒன்றரை வருஷம் ஆகுது டாக்டர்" என்றேன்.

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பழைய கோப்புகள், ஒவ்வொன்றிலும் எவ்வளவு வலது பக்கம் ஏறியிருந்தது, எந்த மாதத்திலிருந்து என்று சொன்னேன். ஹெட்போனை மாற்றிக் கொடுத்ததையும் சொன்னேன். டாக்டர் குறித்துக்கொண்டார். பாய் தாளில் சரிந்திருந்த அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மட்டும் என்னைப் பார்த்த பார்வையை எடுக்கவே இல்லை.

ஸ்கேனில் கேட்கும் நரம்பின் மேல் ஒரு கட்டி தெரிந்தது. புற்று இல்லை. ஆனால் வளர்ந்து மூளைப் பக்கம் அழுத்தத் தொடங்கியிருந்தது. எடுத்தே ஆக வேண்டும். எடுத்தால் அந்தக் காது போய்விடும். அறுவை செய்யும் டாக்டரிடம் அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"முன்னாடியே வந்திருந்தா காதக் காப்பாத்தியிருக்கலாமா சார்?"

"கட்டி சின்னதா இருக்கறப்ப வந்தா முயற்சி பண்ணுவோம்மா. சில பேருக்கு நிக்கும், சில பேருக்கு நிக்காது. இவருக்கு நின்னிருக்கும்னு என்னால சொல்ல முடியாது."

நின்றிருக்காது என்றும் அவர் சொல்லவில்லை.

வெளியே வராந்தாவில் அக்கா என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "எனக்குத் தெரியாதும்மா. டிவி சத்தமா வைக்கிறாரேன்னு சண்டைதான் போட்டேன். நீ தெனமும் பாத்துக்கிட்டு இருந்தியே. எங்கிட்டயாச்சும் ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"இல்லக்கா, அவரு வேல..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன். அவர் உள்ளே போய்விட்டார்.

அறுவை நடந்து பாய் வீடு திரும்பியபோது வலது பக்க முகம் கொஞ்சம் இறங்கியிருந்தது. மெல்லச் சரியாகும் என்றார்கள். நடக்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்தார். அலுவலகத்தில் அந்தப் படகு விளையாட்டின் இசை இன்னும் பாக்கி இருந்தது. பாய் கடைசியாகப் போட்ட இசை அது. மழையில் படகு போகிற கட்டம். மூன்றேகால் நிமிஷம். அதிலிருந்து ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டிய பொறுப்பு எனக்கு வந்தது.

தனியாக உட்கார்ந்து கேட்டேன். அவருடைய வேலையிலேயே அதுதான் சிறந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். முதலில் வலது இடது இரண்டையும் சமப்படுத்தினேன். பிறகு நடுவிலிருந்து பதினாறு சுற்றுத் தாளம் எண்ணி எடுத்தேன். முப்பத்தெட்டு வினாடியும் கொஞ்சமும் வந்தது. அதன் நடுவில் ஒரு புல்லாங்குழல் ஐந்தாறு ஸ்வரம் மேலே ஏறிப்போய் அப்படியே நின்று கரையும். அதற்காகவேதான் அந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்தேன். ஒட்டு சுத்தமாக இருந்தது. ஆனால் யாரிடம் காட்டுவது? ஒன்பது வருஷமாக அவர் கேட்டு, 'அனுப்பு' என்று சொல்லாமல் ஒன்றும் முடிந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்தியால்பேட்டைக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்து, "வா" என்றார். அவ்வளவுதான். பாய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் பேச வாயெடுப்பதற்குள், "அந்தப் படகு வேலைய முடிச்சிட்டியா?" என்றார்.

"எடுத்திருக்கேன் பாய். நீங்க கேட்டாதான்..."

ஹெட்போன் வேண்டாம் என்றார். போனையே எடுத்து அவர் இடது பக்கம் ஸ்டூலின் மேல் வைத்தேன். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் வலதும் இல்லை, இடதும் இல்லை. எல்லாம் ஒன்றாகக் கலந்து வந்தது. கண்ணை மூடிக்கொண்டார். வலது கண் முழுசாக மூடவில்லை. அதை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டார். லூப் சுற்றியது. ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை புல்லாங்குழல் வந்ததும் மறு கையின் விரல் எழுந்தது.

"ஒட்டு நல்லா இருக்கு. எங்கன்னு தெரியல. அந்தப் புல்லாங்குழல எடுத்துடும்மா."

"பாய், அதுதான நல்லா இருக்கு?"

"நல்லா இருக்கறதாலதான் சொல்றேன். மொத வாட்டி காதுல நிக்கும். ரெண்டாவது வாட்டி அடையாளம் தெரியும். மூணாவது வாட்டி, அட மறுபடியும் வந்துட்டுதேன்னு தோணிடும். அப்பறம் அது எப்ப வரும்னு காத்துக்கிட்டே இருப்பான். வெளயாட மாட்டான்."

அவர் சொன்னது சரி. எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான். அங்கேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து, தனித்தனியாகப் பதிவாகியிருந்த வாத்தியங்களில் புல்லாங்குழலை மட்டும் அடைத்துவிட்டு, மறுபடி இரண்டு சுற்று ஓட்டி, இரண்டாவதை எடுத்துப் போனில் போட்டேன். மழையும் அடியில் ஓடும் தந்தி ஓசையும் மட்டும் மிஞ்சின.

"ம்" என்றார் கேட்டுவிட்டு. "இப்ப அனுப்பு."

போனை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டே அழுதுவிட்டேன். "என்னாலதான் பாய்" என்றேன். பேசும்போது அவர் உதடு ஒரு பக்கம் கோணியது.

"நீ மாத்தி அனுப்புறது எனக்குத் தெரியும்மா. அந்த மீன் சந்த வெளயாட்ட என் பொண்ணு போன்ல கேட்டேன். நான் போட்டா மாதிரி இல்ல, சலங்க கொறஞ்சிருந்துச்சு. யாரோ சரி பண்ணியிருக்காங்கன்னு அன்னிக்கே தெரியும். நான்தான் கேக்கல. கேட்டா நீ உண்மைய சொல்லிடுவியோன்னு பயம்."

அடுப்பங்கரை வாசலில் அக்கா நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பாய் சொன்னது உண்மையா, என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. உண்மையாக இருந்தாலும் என் பங்கு குறையவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக அதை மூடி வைத்திருந்தோம் என்றுதான் ஆகிறது.

விளையாட்டு வெளிவந்தது. இசையைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை. லூப் சரியாக அமைந்தால் அப்படித்தான். பாய் வேலைக்குத் திரும்பவில்லை. முதலாளி வரச் சொல்லித்தான் ஆள் அனுப்பினார். "ஒரு காத வச்சிக்கிட்டு ரெண்டு காதுக்கு எப்படிப் போடறது?" என்று பாய் பதில் சொல்லி அனுப்பிவிட்டார். உழவர்கரையில் மச்சானின் டைல்ஸ் கடையில் உட்காருகிறார். எங்கள் அலுவலகத்தில் இப்போது ஆயத்த இசைதான். வெட்டியே வருகிறது. நான் பொருத்த மட்டும் செய்கிறேன். புல்லாங்குழலோடு இருந்த அந்த முதல் லூப்பை நான் அழிக்கவில்லை. கேட்பதும் இல்லை.

போன மாதம் முத்தியால்பேட்டை மார்க்கெட் அருகே அவரைப் பார்த்தேன். வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தார். முகம் ஏறக்குறைய நேராகிவிட்டிருந்தது. நான் அவருக்கு வலது பக்கம், நாலடி தூரத்தில் நின்றேன். "பாய்" என்றேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை சத்தமாகக் கூப்பிட்டேன். கடைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பாய் வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டே இருந்தார். தோளைத் தொடலாம் என்று கை நீட்டினேன். திடுக்கிட்டுத் தடுமாறிவிடுவாரோ என்று கையை இழுத்துக்கொண்டேன். வண்டிகளுக்கு நடுவே அவருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய் நின்றேன்.

"அட, நீயா? எப்பம்மா வந்த?" என்றார்.

"இப்பதான் பாய்" என்றேன்.